இருபத்தைந்து டாலர் எங்கே போனது?

ஈரோட்டில் ஒரு தந்தை வங்கிக் கிளைக்குப் போய், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்திருக்கும் மகளுக்காக 12,480 டாலர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகம் அனுப்பிய கல்விக் கட்டணப் பட்டியலிலும் அதே 12,480 தான் இருக்கிறது. நான்கு நாள் கழித்து மகளின் மாணவர் கணக்கில் 12,455 டாலர் வரவாகிறது. பாக்கி 25 டாலர். அது தீரும்வரை அடுத்த பருவப் பாடங்களுக்குப் பதிவு செய்ய முடியாது என்று கணினி தடை போட்டுவிடுகிறது. தந்தை மறுபடியும் கிளைக்குப் போகிறார்.

“சார், முழுப் பணத்தையும்தானே என் கணக்குல எடுத்தீங்க?”

“நாங்க முழுசாத்தான் சார் அனுப்பியிருக்கோம். இந்தாங்க, ஸ்விஃப்ட் காப்பி.”

அந்தத் தாளில் 12,480 என்றுதான் இருக்கிறது. பல்கலைக்கழகமோ எங்களுக்கு வந்தது 12,455 தான் என்று தன் வங்கியின் வரவுச் சீட்டைக் காட்டுகிறது. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அனுப்பியதும் முழுத்தொகைதான், வந்ததும் குறைந்த தொகைதான். வழியில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைப் புறப்படும் முன்பே சொல்ல வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லாமல் இருப்பதுதான் கோளாறு. அந்தப் பொறுப்பு எங்கெங்கே கைநழுவுகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

பணம் போகும் வழி

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிறோம் என்று நாம் சொன்னாலும், ஈரோட்டிலிருந்து டாலர் எதுவும் கிளம்புவதில்லை. 1973-ல் தொடங்கி பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ஸ்விஃப்ட் அமைப்பு பணத்தைத் தொடுவதே இல்லை. வங்கிகளுக்கிடையே செய்தி மட்டும் கொண்டுபோகிறது. பணம் ஏற்கெனவே நியூயார்க்கில் இருக்கிறது. இந்திய வங்கிகள் அங்கே உள்ள பெரிய வங்கிகளில் டாலர் கணக்கு வைத்திருக்கின்றன. நாஸ்ட்ரோ கணக்கு என்று அதைச் சொல்வார்கள். ‘என் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்து, இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடு’ என்று நம் வங்கி அனுப்பும் கட்டளைதான் அந்தச் செய்தி.

கிளையில் கொடுத்த விண்ணப்பம் முதலில் அந்நியச் செலாவணி கையாளும் மையக் கிளைக்குப் போகும். ஈரோட்டுக் கிளையில் இருக்கும் அலுவலர் அந்தச் செய்தியைத் தயாரிப்பவர் அல்லர். தாளைச் சரிபார்த்து மேலே அனுப்புகிறவர். மையக் கிளை டாலரை விற்று, ரூபாயைப் பற்று வைத்து, நியூயார்க் வங்கிக்குச் செய்தி அனுப்புகிறது. நம் உதாரணத்தில் நியூயார்க் வங்கி நாஸ்ட்ரோ கணக்கில் 12,480 எடுக்கிறது, தன் சேவைக்கு 10 டாலர் பிடித்துக்கொள்கிறது, மீதி 12,470-ஐ அமெரிக்க உள்நாட்டுப் பரிமாற்ற வழியில் பல்கலைக்கழகத்தின் வங்கிக்கு அனுப்புகிறது. அந்த வங்கி, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை வரவு வைக்க 15 டாலர் எடுத்துக்கொண்டு 12,455-ஐக் கணக்கில் சேர்க்கிறது.

இது இரண்டே கை மாறிய எளிய கதை. பல்கலைக்கழகத்தின் வங்கி ஒரு சிறிய மாநில வங்கியாக இருந்தால் நடுவே இன்னொரு வங்கி வரும். நாம் கணக்கு வைத்திருக்கும் வங்கி சிறியதாக, சொந்த நாஸ்ட்ரோ கணக்கு இல்லாததாக இருந்தால், இந்தியாவுக்குள்ளேயே வேறொரு வங்கி வழியாகப் போகும். நியூசிலாந்து டாலர், ஸ்வீடன் குரோனா போல நம் ஊரில் அதிகம் புழங்காத நாணயங்களுக்கும் இதே நிலைதான். ஒவ்வொரு கையும் தனக்கென்று ஒரு தொகையை எடுக்கலாம். அந்தத் தொகை அனுப்பும் பணத்தின் அளவைப் பொறுத்து ஏறுவது அபூர்வம். ஆயிரம் டாலருக்கும் இருபதாயிரம் டாலருக்கும் பெரும்பாலும் ஒரே பிடித்தம்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் உதவும்.

மூன்று எழுத்துகள்

யார் பிடிக்கலாம், யாரிடமிருந்து பிடிக்கலாம் என்பதை அந்தச் செய்தியில் உள்ள மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று தீர்மானிக்கிறது. OUR என்றால் வழிநெடுக ஆகும் வங்கிக் கட்டணம் அனைத்தையும் அனுப்புகிறவர் ஏற்கிறார். SHA என்றால் தன் வங்கியின் கட்டணத்தை மட்டும் அனுப்புகிறவர் கொடுக்கிறார். மற்றவை எல்லாம் போகும் தொகையிலிருந்தே கழியும். BEN என்றால் எல்லாமே பெறுகிறவர் தலையில். கல்விக் கட்டணத்துக்கு BEN போடுவது வேண்டுமென்றே பணத்தைக் குறைத்து அனுப்புவதற்குச் சமம்.

வங்கியின் வெளிநாட்டுப் பண விண்ணப்பத்தில் ‘வெளிநாட்டு வங்கிக் கட்டணம் யாருடையது’ என்று ஒரு கட்டம் இருக்கும். பெயர், பான் எண், பெறுகிறவர் கணக்கு எண், படிப்புக்கான பயணத்தின் நோக்கக் குறியீடு S0305 என்று எல்லாவற்றையும் கவனமாக நிரப்பும் குடும்பங்கள் இந்த ஒரு கட்டத்தை விட்டுவிடுகின்றன. அலுவலரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது காலியாக இருந்தாலும் விண்ணப்பம் நிற்காது. காலியாக விட்டால் பெரும்பாலும் SHA என்றே போகும். இணைய வங்கிச் சேவையிலும் முன்கூட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டு நிற்பது பல சமயம் அதுதான்.

ஈரோட்டுத் தந்தையின் செய்தி புறப்படும்போது, சம்பந்தப்பட்ட வரிகள் இப்படி இருந்திருக்கும்:

```
:32A:260805USD12480,00
:33B:USD12480,00
:71A:SHA
```

பல்கலைக்கழகத்தின் வங்கிக்குப் போய்ச் சேரும்போது அதே செய்தி இப்படி மாறியிருக்கும்:

```
:32A:260805USD12470,00
:33B:USD12480,00
:71A:SHA
:71F:USD10,00
```

33B என்பது முதலில் அனுப்பச் சொன்ன தொகை. அது வழியில் மாறாது. 32A என்பது இந்தக் கட்டத்தில் வங்கிகளுக்கிடையே கைமாறும் தொகை. ஒவ்வொரு பிடித்தத்துக்கும் அது குறையும். 71F வரி ஒவ்வொன்றும் ஒரு வங்கி பிடித்ததற்கான சாட்சி. கடைசி வங்கி எடுத்த 15 டாலர் இதில் வராது. அது வரவுச் சீட்டில்தான் தெரியும்.

இப்போது அந்தத் தந்தையின் கையில் இருக்கும் ‘ஸ்விஃப்ட் காப்பி’க்கு வருவோம். அது முதல் வடிவம். புறப்படும் நேரத்தில் எடுத்த படம். அதை வைத்துக்கொண்டு முழுத்தொகையும் போய்ச் சேர்ந்தது என்று நிறுவ முடியாது. அந்தத் தாளில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, 71A என்ற வரியை. அங்கே SHA இருந்தால், குறையும் என்பது அன்றைக்கே எழுதியாகிவிட்டது.

2025 நவம்பரோடு வங்கிகளுக்கிடையேயான பணச் செய்திகள் ஐஎஸ்ஓ 20022 என்ற புதிய வடிவத்துக்கு மாறிவிட்டன. வாடிக்கையாளருக்குத் தரும் தாளில் பழைய எண்களே இருந்தாலும் உள்ளே போவது வேறு. 33B-க்குப் பதில் `InstdAmt`, 32A-யின் தொகைக்குப் பதில் `IntrBkSttlmAmt`, கட்டணக் குறியீட்டுக்கு `ChrgBr` என்று பெயர்கள். OUR இப்போது `DEBT`, SHA இப்போது `SHAR`. நமக்கு லாபமான மாற்றம் ஒன்று உண்டு: பழைய 71F வரியில் தொகை மட்டும்தான் இருந்தது, எந்த வங்கி எடுத்தது என்று இருக்காது. புதிய `ChrgsInf` பகுதியில் தொகையோடு எடுத்த வங்கியின் அடையாளமும் வருகிறது.

இன்னொரு எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். 2018 முதல் இத்தகைய ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 36 எழுத்துகள் கொண்ட தனி அடையாளம் கட்டாயம். `UETR` என்று அதன் பெயர். வழியில் எத்தனை வங்கி மாறினாலும் அது மாறாது. அந்த எண்ணைக் கொடுத்து மையக் கிளையில் கேட்டால், பணம் எங்கே நிற்கிறது, யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பதை ஸ்விஃப்டின் கண்காணிப்புத் திரையில் பார்த்துச் சொல்ல முடியும். கிளை அலுவலருக்கு அந்தத் திரை இல்லாமல் இருக்கலாம். ஆகவே கேள்வியை எழுத்தில் கொடுத்து மையக் கிளைக்கு அனுப்பச் சொல்வதே நடைமுறையில் பலன் தரும்.

முழுத்தொகை என்று எழுதியும்

OUR என்று குறித்தால் போதும் என்று இங்கே முடித்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். பெரும்பாலான நாடுகளுக்குப் பெரும்பாலான சமயங்களில் அது போதும்தான். ஆனால் கல்விக் கட்டணம் அதிகமாகப் போகும் அமெரிக்காவில் அது உறுதி இல்லை.

OUR என்று வந்த செய்தியில் நியூயார்க் வங்கி தன் கட்டணத்தைத் தொகையிலிருந்து எடுக்காமல் நம் வங்கியிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். முன்கூட்டியே ஒப்பந்தம் இருந்தால் நாஸ்ட்ரோ கணக்கில் பற்று வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் கட்டணக் கோரிக்கைச் செய்தி ஒன்று அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, வசூலிக்க வேண்டும். பத்துப் பதினைந்து டாலருக்கு அந்த அலைச்சல் எந்த வங்கிக்கும் கட்டுப்படியாகாது. அடுத்த கட்டத்தில், உள்நாட்டுப் பரிமாற்றமாக மாறிய பணத்தைப் பெறும் வங்கிக்கு நம் வங்கியோடு எந்த உறவும் கிடையாது. அதன் வாடிக்கையாளர் பல்கலைக்கழகம். வரும் பணத்துக்கு இவ்வளவு கட்டணம் என்று பல்கலைக்கழகத்தோடு அது போட்டிருக்கும் ஒப்பந்தத்தை, ஈரோட்டில் யாரோ குறித்த மூன்றெழுத்து மாற்றிவிடாது.

இதனால்தான் சில பெரிய வங்கிகள் OUR-க்கு மேலே ஒரு படியாக ‘முழுத்தொகை உறுதி’ என்ற சேவையை வைத்திருக்கின்றன. நியூயார்க் வங்கி ஒரு நிலையான தொகையை முன்பே வாங்கிக்கொண்டு, தன் கையைத் தாண்டிய பிறகு ஆகும் பிடித்தத்துக்கும் பொறுப்பேற்கிறது. நம் வங்கி அந்தச் சேவையை வாங்கியிருக்கிறதா என்பது ஒவ்வொரு வங்கிக்கும் வேறுபடும். ‘முழுப் பணமும் போய்ச் சேருமா’ என்று கேட்டால் யாரும் சேரும் என்றே சொல்வார்கள். ‘குறைந்தால் அந்த வித்தியாசத்தை நீங்கள் கொடுப்பீர்களா’ என்று கேட்க வேண்டும். அதற்கு வரும் பதிலில்தான் உண்மை இருக்கிறது.

மற்றொரு வழியும் உண்டு. கட்டளைச் செய்தியை நேரே பல்கலைக்கழகத்தின் வங்கிக்கு அனுப்பிவிட்டு, பணத்தை மட்டும் நியூயார்க் வழியாகத் தனியே அனுப்புவது. செய்தியில் முழுத்தொகை வரும் என்று சொல்லிவிட்டதால் நடுவில் இருப்பவர்கள் பொதுவாகத் தொகையைக் குறைப்பதில்லை. ஆனால் இதற்கு இரண்டு வங்கிகளும் ஒருவர் செய்தியை ஒருவர் ஏற்க முன்பே அனுமதி கொடுத்திருக்க வேண்டும். உலகப் பெருவங்கிகளோடு அந்த உறவு இருக்கும். அமெரிக்க மாநிலம் ஒன்றின் உள்ளூர் வங்கியோடு இருப்பது அரிது.

சட்டம் யார் பக்கம்

‘நான் முழுசாக அனுப்பினேன், வழியில் எடுத்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு’ என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் சீர்மை வணிகச் சட்டத்தின் 4ஏ பிரிவு இதைத் தொட்டே பேசுகிறது. அதன் 302-ஆம் விதிப்படி, அனுப்புகிறவர் சொன்னாலொழிய, இடையில் உள்ள வங்கி தன் கட்டணத்தைத் தொகையிலிருந்து கழித்துக்கொண்டு மீதியை அனுப்பக் கூடாது. படிக்கும்போது நமக்குச் சாதகமாகத் தெரியும். ஆனால் SHA என்று குறித்தாலே அந்த அனுமதியைக் கொடுத்துவிட்டோம் என்றே வங்கிகள் எடுத்துக்கொள்கின்றன. கட்டத்தைக் காலியாக விட்டவர் தெரியாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதி அது.

406-ஆம் விதி பல்கலைக்கழகத்துக்கும் மாணவருக்கும் இடையிலானது. வழியில் வங்கிகள் கட்டணம் பிடித்ததால் தொகை குறைந்திருந்தால், முழுத்தொகையும் செலுத்தியதாகவே கருத வேண்டும் என்கிறது அது. உடனே ஒரு விலக்கும் சொல்கிறது: பெறுகிறவர் அந்த வித்தியாசத்தைக் கேட்டு, அனுப்பியவர் கொடுக்காவிட்டால் அப்படிக் கருத முடியாது. அதாவது, கேட்காதவரை கடன் இல்லை. கேட்டால் கொடுத்தாக வேண்டும். பல்கலைக்கழகம் 25 டாலர் கேட்பது வீம்பு அல்ல, அதற்கு அந்த உரிமை இருக்கிறது. அதே சமயம், கேட்காமல் விட்டுவிடவும் அதனால் முடியும். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நடக்கும் பரிமாற்றங்களில் வழியில் உள்ள வங்கிகள் தொகையைக் குறைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இந்தியாவிலிருந்து போகும் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைப்பதில்லை. அதனால் ஜெர்மனிக்குப் போகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே மாணவர் விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரிலிருந்து உள்ள அளவு. இது கல்விக் கட்டணம் அல்ல, மாணவரின் சொந்தப் பணம்தான். ஆனாலும் பத்து யூரோ குறைந்தால்கூடக் கணக்கு நிறைந்ததற்கான சான்று வராது, சான்று வராமல் விசா விண்ணப்பம் நகராது. இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் கூடுதலாக அனுப்புவதில் நஷ்டமே இல்லை, மிச்சம் மாணவருக்கே திரும்பக் கிடைக்கும்.

குறைவின் அளவே காரணத்தைச் சொல்லும்

எல்லாக் குறைவுக்கும் இடைவங்கி காரணம் அல்ல. எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே எங்கே தவறு என்று ஓரளவு சொல்லிவிடலாம். 10, 15, 25 என்று முழு எண்ணாக, சிறியதாக இருந்தால் வங்கிப் பிடித்தம். நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற விகிதத்தில், சில்லறையோடு குறைந்திருந்தால் நாணய மாற்றம் நடந்திருக்கிறது. பவுண்டில் கேட்ட கட்டணத்தை டாலரில் அனுப்பி, லண்டனில் அந்த வங்கி தன் விகிதத்தில் மாற்றியிருக்கும். இதற்கு OUR குறியீடு மருந்தாகாது. பட்டியல் எந்த நாணயத்தில் இருக்கிறதோ அதே நாணயத்தில்தான் அனுப்ப வேண்டும்.

மொத்தத் தொகையும் வரவே இல்லை என்று பல்கலைக்கழகம் சொன்னால், பெரும்பாலும் அது வந்து பெயர் தெரியாத பணமாக ஒதுங்கி நிற்கிறது. செய்தியின் 70-ஆம் வரியில், மொத்தம் 140 எழுத்துக்குள், மாணவர் எண்ணும் பெயரும் இருக்க வேண்டும். அனுப்பியது தந்தை, கணக்கு மகளுடையது. அந்த எண் இல்லாமல் இரண்டையும் சேர்க்க அங்குள்ளவர்களால் முடியாது.

இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே குறைவதும் உண்டு. ‘என் கணக்கில் பதினொரு லட்சம் இருக்கிறது, அதை அனுப்பிவிடுங்கள்’ என்று ரூபாயில் சொன்னால், வங்கி தன் கட்டணம், ஜிஎஸ்டி, தேவைப்பட்டால் டிசிஎஸ் என்று சொல்லப்படும் முன்வரி எல்லாவற்றையும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு மீதிக்கு டாலர் வாங்கும். விண்ணப்பத்தில் டாலர் தொகையை எழுதி, அதற்கு ஆகும் ரூபாயை எடுத்துக்கொள்ளச் சொல்வதே சரி. டிசிஎஸ்ஸைப் பணம் குறைந்ததற்குக் காரணமாகப் பல பெற்றோர்கள் நினைக்கிறார்கள். டாலர் தொகையைச் சொல்லி அனுப்பும்போது அது அந்தத் தொகைக்கு மேலே தனியாக வசூலிக்கப்படுவது, வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம். நியூயார்க்கில் குறைந்த 25 டாலருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

கல்விக் கடனில் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். கடன் கொடுத்த வங்கி பல்கலைக்கழகத்தின் பட்டியலில் உள்ள தொகையைச் சென்ட் மாறாமல் நேரே அனுப்புகிறது. கூடுதலாக அனுப்ப அனுமதி இல்லை, குறைந்தால் திரும்ப அனுப்ப அடுத்த பருவம் வரை வழியில்லை. கட்டணக் குறியீடு யாருக்கும் ஞாபகம் வராது, ஏனென்றால் விண்ணப்பத்தை நிரப்புகிறவர் கடன் பிரிவு அலுவலர். அவருக்குத் தெரிந்தது கடன், அந்நியச் செலாவணி அல்ல. ‘வெளிநாட்டு வங்கிக் கட்டணம் OUR, அதற்கான தொகையை என் சேமிப்புக் கணக்கில் பற்று வைக்கவும்’ என்று ஒவ்வொரு பருவத்துக்கும் தனிக் கடிதம் கொடுத்துவிடுவதே நான் பார்த்தவரை வேலை செய்கிற வழி.

25 டாலரை எப்படிக் கட்டுவது

குறைந்துபோன 25 டாலரைக் கட்ட, பதறிய குடும்பம் மறுபடியும் வங்கிக்குப் போய் 25 டாலர் அனுப்பும். முன்பு சொன்னதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்: பிடித்தம் தொகையைப் பொறுத்தது அல்ல. பன்னிரண்டாயிரத்துக்கு 25 டாலர் பிடித்த அதே வழி, இருபத்தைந்துக்கும் 25 டாலர் பிடிக்கும். பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேருவது ஒன்றுமில்லை. இங்கே கிளைக்கு ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கட்டணம் வேறு. சிறு பாக்கியை ஒருபோதும் வங்கி வழியாக அனுப்பக் கூடாது. பல்கலைக்கழகத்தின் கட்டணப் பக்கத்தில் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்த அட்டை வழியாகக் கட்டலாம். நூற்றுக்கு மூன்று வசதிக் கட்டணம் போட்டாலும் ஒரு டாலர்கூட ஆகாது. மாணவர் ஏற்கெனவே அங்கே போய்விட்டார் என்றால் உள்ளூர்க் கணக்கிலிருந்து அவரே கட்டிவிடலாம்.

முதலிலேயே 30, 40 டாலர் சேர்த்து அனுப்பிவிடலாமே என்பது பலரும் செய்வது. தப்பில்லை. ஆனால் மிஞ்சியதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. அது வந்த வழியே திரும்பி வரும்போது மறுபடியும் அதே பிடித்தங்கள். அடுத்த பருவத்துக்கு வரவு வைக்கச் சொல்லிவிடுவது நல்லது.

பணத்தின் கணக்கையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12,480 டாலருக்குச் சந்தை மதிப்பு 11,23,200 ரூபாய். வங்கி நூற்றுக்கு ஒன்று வைத்து 90.90-க்கு விற்றால் அந்த வித்தியாசம் மட்டும் 11,232 ரூபாய். நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி சுமார் ஆயிரம் ரூபாய், அனுப்பும் கட்டணம் இன்னொரு ஆயிரம் சொச்சம். அமெரிக்காவில் குறைந்த 25 டாலர் 2,250 ரூபாய். ஆக, தொல்லை கொடுப்பது 25 டாலர் என்றாலும், செலவில் பெரிய பங்கு யாரும் பேசாத மாற்று விகிதத்தில் இருக்கிறது. அதில் ஐம்பது காசு பேசிக் குறைத்தால் 6,240 ரூபாய் மிச்சம். வழியில் ஆகும் பிடித்தத்தை எல்லாம் நாமே ஏற்றுக்கொண்டாலும் அதில் பாதிகூட ஆகாது. பத்து லட்சத்துக்கு மேல் அனுப்பும் வாடிக்கையாளரிடம் விகிதம் பேச வங்கிகள் தயாராகவே இருக்கின்றன. கேட்கிறவர்கள்தான் குறைவு.

பழைய வழியைச் சுற்றிப் போனவர்கள்

ஸ்பெயினிலிருந்து எம்ஐடியில் படிக்கப் போன இகேர் மார்கைடே இதே சிக்கலை அனுபவித்து 2009-ல் பியர்டிரான்ஸ்ஃபர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று ஃபிளைவயர் என்று பல பல்கலைக்கழகங்களின் கட்டணப் பக்கத்தில் நாம் பார்ப்பது அதைத்தான். இதன் உத்தி எளிது. பெற்றோர் தன் ஊரில் உள்நாட்டு நாணயத்தில் கட்டுகிறார். நிறுவனம் மாணவர் எண்ணோடு முழுத்தொகையைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடுகிறது. குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தியாவில் ரூபாயில் கட்டினாலும் பான் எண், படிவம், டிசிஎஸ் எல்லாம் உண்டு, ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வரம்பான 2,50,000 டாலரும் அப்படியேதான். நிறுவனத்தின் வருமானம் பெருமளவு மாற்று விகிதத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே காட்டும் மொத்த ரூபாயையும், வங்கி சொல்லும் விகிதம், கட்டணம், OUR கட்டணம் மூன்றையும் சேர்த்த மொத்த ரூபாயையும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எது மலிவு என்பது வங்கிக்கு வங்கி மாறும். ஆனால் விசாவுக்கோ சேர்க்கைக்கோ கடைசி நாள் நெருங்கியிருந்தால் நான் ஐந்நூறு ஆயிரம் கூடக் கொடுத்தாவது முழுத்தொகை உறுதியான வழியையே சொல்வேன்.

சிக்கலை அதன் வேரில் சரிசெய்ய முயற்சிகள் நடக்கின்றன. எல்லை கடந்த பணப் பரிமாற்றத்துக்காக ஜி20 நாடுகள் 2021-ல் ஏற்ற இலக்குகளில் ஒன்று, அனுப்பும் பக்கம், பெறும் பக்கம் இரண்டிலும் ஆகும் மொத்தச் செலவையும் மாற்று விகிதத்தையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது. கெடு 2027 முடிவு. தனிநபர் அனுப்பும் பணத்துக்குக் கட்டணத்தை முன்பே சொல்லி, முழுத்தொகையைச் சேர்க்கும் திட்டம் ஒன்றை ஸ்விஃப்டும் 2025-ல் அறிவித்தது. இதெல்லாம் ஈரோட்டுக் கிளையின் விண்ணப்பத்தில் ஒரு வரியாக வந்து சேரும்வரை அந்தக் காலிக் கட்டத்தை நாம்தான் நிரப்ப வேண்டும்.

கடைசியாக, பல்கலைக்கழகத்தின் பக்கம். வெளிநாட்டு மாணவர்களிடம் பெரும் தொகை வாங்கும் நிறுவனம், வங்கிப் பிடித்தத்தால் வரும் இருபது முப்பது டாலர் குறைவுக்குத் தானாகவே விலக்குக் கொடுக்கும்படி தன் கணக்கு மென்பொருளை அமைத்துக்கொள்ள முடியும். சட்டம் அதற்கு இடம் தருகிறது என்று மேலே பார்த்தோம். அப்படி விதி இல்லாத இடத்தில் மாணவர் கட்டணப் பிரிவுக்கு எழுதலாம்: அனுப்பச் சொன்ன தொகை 12,480, உங்கள் வங்கிக்கு வந்த செய்தியில் 33B-க்கும் 32A-க்கும் உள்ள வித்தியாசம் 10 டாலர், வரவு வைக்கும்போது உங்கள் வங்கி எடுத்தது 15 டாலர், பரிமாற்ற அடையாளம் இது, அந்த 15 டாலரைத் தள்ளுபடி செய்யுங்கள், மீதியை அட்டையில் கட்டிவிடுகிறேன், அதுவரை பதிவுத் தடையை நீக்கித் தாருங்கள். உங்கள் வங்கியே எடுத்தது 15 என்று அவர்கள் கண்ணில் படும்படி எழுதுவது முக்கியம். அந்த 15 டாலர் பல்கலைக்கழகத்துக்கும் அதன் வங்கிக்கும் இடையிலான ஒப்பந்தத்தால் வந்தது, அதைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் கட்டணப் பிரிவில் இருப்பவருக்கு இருக்க வாய்ப்புண்டு. மீதி 10 டாலரை மகள் அட்டையில் கட்டிவிடலாம்.